வகுப்புக் குறிப்பு ஏன் பாதியில் அறுந்துபோகிறது: தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் சட்ட மாணவருக்கு

சேலம் அஸ்தம்பட்டியில் நீதிமன்ற வளாகத்துக்கு அருகில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாண்டுச் சட்ட மாணவர்கள் நான்கைந்து பேர் வருகிறார்கள். ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்கள். ஒருவர் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருகிறார். வந்ததும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அக்கா, வகுப்பில் சொல்வது புரிகிறது. எழுதத்தான் கை ஓடவில்லை."

கையில் குறை இல்லை. பாடம் நடத்துபவர் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் பேசுவார். வேகமாக எழுதுகிறவருக்கும் நிமிடத்தில் முப்பது சொல்லைத் தாண்டுவது கடினம். ஆங்கிலவழியில் படித்தவருக்கும் இதே கணக்குத்தான். நமக்கு மட்டும் கூடுதலாக ஒரு சுற்றுவழி இருக்கிறது. காதில் ஆங்கிலம் விழுகிறது, மனத்துக்குள் அது தமிழாகிறது, தாளில் எழுதும்போது மறுபடியும் ஆங்கிலமாகிறது. ஒரே வாக்கியத்தை இரண்டு முறை மொழிபெயர்ப்பதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடுகிறது.

இந்தச் சுற்றுவழியை அடியோடு அடைக்கச் சொல்ல மாட்டேன். தமிழில் யோசிப்பதால்தான் நமக்குப் பாடம் புரிகிறது. எந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் விடலாம், எதைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பிரித்துவிட்டால் போதும். எங்கே பிரிப்பது என்பதை உங்கள் நோட்டில் இருக்கும் பிழையே காட்டும். ஆகவே நேற்று எழுதிய இரண்டு பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு, கீழே உள்ள அறிகுறிகளில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

எடுத்துக்காட்டாக ஒரே வழக்கை வைத்துக்கொள்கிறேன். ஒப்பந்தச் சட்ட வகுப்பில் எல்லாரும் படிக்கிற, 1903இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த மோகரி பீபி எதிர் தர்மோதாஸ் கோஷ் வழக்கு. கதை சிறியது. தர்மோதாஸ் என்ற இளவர், வயது வராத நிலையில், பிரம்மோ தத் என்ற வட்டிக்காரரிடம் இருபதாயிரம் ரூபாய்க்குத் தன் சொத்தை அடமானம் வைத்து ஆவணம் எழுதிக் கொடுத்தார். அவர் இளவர் என்பது வட்டிக்காரரின் வழக்கறிஞருக்கு முன்பே தெரியும். பிறகு தாயைக் காப்பாளராகக் கொண்டு இளவர் வழக்குப் போட்டார். அடமானத்தை ரத்து செய்யக் கேட்டார், வென்றார். வட்டிக்காரர் இறந்த பிறகு அவர் தரப்பில் மோகரி பீபி மேல்முறையீட்டை நடத்தினார். பிரிவி கவுன்சில் அதைத் தள்ளுபடி செய்தது. நான் பார்த்த நோட்டுகளில் வந்த பிழைகள் பெரும்பாலும் இந்த ஒரு வழக்கிலேயே வந்துவிடுகின்றன.

அறிகுறி: வாக்கியத்தின் வால் இருக்கிறது, தலை இல்லை

நோட்டில் வயது வந்தவர், நல்ல மனநிலை, தகுதி நீக்கப்படாதவர் என்று மூன்று நிபந்தனைகளும் அழகாக இருக்கும். அந்த மூன்றும் எதற்கான நிபந்தனை என்பது மட்டும் இருக்காது. பக்கத்தில் இப்படிப் பத்து வரிகள் இருந்தால் அந்த நோட்டை வைத்துத் தேர்வு எழுத முடியாது.

காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். வயது வந்த, நல்ல மனநிலையுடைய, எந்தச் சட்டத்தாலும் தகுதி நீக்கப்படாத ஒவ்வொருவரும் ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவர் என்று நாம் சொல்வோம். முடிவு கடைசியில் வரும் என்று நம் காது காத்திருந்தே பழகியிருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவோ ஆங்கிலத்தில் தலைகீழாக இருக்கிறது. ஒவ்வொரு நபரும் ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவர் என்று முடிவை முதலில் சொல்லிவிட்டு, எப்படிப்பட்ட நபர் என்பதைப் பின்னால் அடுக்குகிறது. நாம் பேனாவைத் தூக்கிவைத்துக் காத்திருக்கும்போதே தலை கடந்துபோய்விடும். கடைசியில் வருவதுதான் முக்கியம் என்று வாலைப் பிடித்து எழுதுவோம்.

மாற்ற வேண்டியது ஒன்றுதான். ஆங்கில வாக்கியத்தின் முதல் ஐந்தாறு சொற்களுக்குள் வரும் முடிவை, புரிந்தாலும் புரியாவிட்டாலும், உடனே எழுதிவிடுங்கள். அதற்கு வலப்பக்கத்தில், இடப்பக்கம் நோக்கிய அம்பு ஒன்று போடுங்கள். நிபந்தனைகள் வர வர அம்புக்குப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

```
s11 CA: comp ← maj + snd mind + ✗disq
```

`comp` என்பது ஒப்பந்தம் செய்யும் தகுதி, `maj` வயது வந்த நிலை, `CA` ஒப்பந்தச் சட்டம். இந்த வரியை வலமிருந்து இடமாகப் படித்தால் அப்படியே தமிழ் வாக்கியம். அம்பின் பயன் இதுதான். எழுதும்போது ஆங்கில வரிசையில் எழுதுகிறீர்கள், படிக்கும்போது தமிழ் வரிசையில் படிக்கிறீர்கள். இடையில் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

முடிவைச் சொன்ன பிறகு விதிவிலக்கு வரும் வாக்கியங்களில் இந்தத் தொல்லை இன்னும் பெரிது. மறுபயன் இல்லாத உடன்பாடு செல்லாது என்று 25ஆம் பிரிவு தொடங்குகிறது. அதற்குப் பிறகு 'அன்லெஸ்' என்று ஒரு சொல் வருகிறது. தமிழ்க் காதுக்கு இந்தச் சொல் மிகவும் கடினம், ஏனென்றால் நாம் அதை 'இருந்தால் ஒழிய' என்று வினையின் வாலில் ஒட்டித்தான் சொல்கிறோம். இதற்கு நான் தமிழ் எழுத்தையே வைத்திருக்கிறேன்.

```
s25 CA: agt w/o csd = V0
  ஒ: writ + reg + love/aff + near rel
```

`agt` உடன்பாடு, `csd` மறுபயன், `V0` செல்லாதது. `ஒ` என்றால் ஒழிய. எழுத்துப்பூர்வமாக, பதிவு செய்து, நெருங்கிய உறவினர்களுக்கிடையில், இயற்கையான அன்பினால் எழுதியது ஒழிய என்று பொருள். இது முதல் விதிவிலக்கு. அடுத்தவற்றையும் அதே `ஒ`வின் கீழ் வரிசையாக அடுக்கலாம்.

ஏன் தமிழ் எழுத்து என்று ஒரு மாணவர் கேட்டார். ஆங்கில நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதைப் பார்த்தால் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று அவருக்குத் தயக்கம். நான் சொன்ன பதில்: ரோமன் எழுத்துகள் இருபத்தாறையும் சட்டச் சொற்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. வாக்கியத்தைக் கட்டும் சொற்களுக்கும் அவற்றையே கொடுத்தால் மோதும். தமிழ் எழுத்து எந்தச் சட்டச் சுருக்கத்தோடும் மோதாது. அதோடு, ஆனால், ஏனென்றால், ஒழிய ஆகியவை நாம் தமிழில் யோசிக்கும் இடங்கள். யோசிக்கும் மொழியிலேயே எழுதினால் தாமதம் இல்லை. நான் நான்கை மட்டும் வைத்திருக்கிறேன்: ஒழியவுக்கு `ஒ`, ஆனாலுக்கு `ஆ`, ஏனென்றாலுக்கு `ஏ`, பிறகு கேட்க வேண்டியதற்கு `கே`. நான்குக்கு மேல் கூட்டாதீர்கள்.

அறிகுறி: ஒரே சுருக்கத்துக்கு மூன்று பொருள்

நோட்டில் `def` என்று இருக்கும். முதல் வரியில் அது வரையறை, மூன்றாவது வரியில் பிரதிவாதி, பக்கத்தின் அடியில் எதிர்வாதம். எழுதிய அன்றைக்கு இடத்தை வைத்துப் புரியும். மூன்று வாரம் கழித்துப் புரியாது. `acc` என்பது குற்றம் சாட்டப்பட்டவரா, ஏற்பா? `cons` என்பது மறுபயனா, சம்மதமா? ஒப்பந்தச் சட்டத்தில் பத்தாம் பிரிவிலேயே இரண்டும் அடுத்தடுத்து வருவதால் `cons` அந்தப் பக்கத்தையே கெடுத்துவிடும்.

சொல்லின் முதல் மூன்று எழுத்தை வெட்டி எடுப்பதால் இந்தப் பிழை வருகிறது. ஆங்கிலச் சட்டச் சொற்களில் முன்பகுதி ஒன்றாகவே இருக்கும், வேறுபாடு நடுவிலோ கடைசியிலோதான் இருக்கும். ஆகவே முன்பகுதியை வெட்டுவதை விட்டுவிட்டு, வேறுபடுத்தும் எழுத்தைப் பிடியுங்கள். மறுபயனுக்கு `csd`, சுதந்திரமான சம்மதத்துக்கு `fc`. பிரதிவாதிக்கு `D`, வாதிக்கு `P`, வரையறைக்கு சமக்குறி மட்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு `A/d`, ஏற்புக்கு `acp`.

எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பிரிக்க வேண்டிய இணை ஒன்று இருக்கிறது: வாய்ட், வாய்டபிள். முதலாவது தொடக்கத்திலிருந்தே செல்லாதது. இரண்டாவது, ஒரு தரப்பு விரும்பினால் செல்லாததாக்கக் கூடியது. அவர் விரும்பாவிட்டால் செல்லும். வேகத்தில் இரண்டையும் `void` என்றோ `vd` என்றோ எழுதிவிடுவோம். நான் இவற்றுக்கு `V0`, `V1` என்று வைத்தேன். சுழி என்றால் ஒன்றுமே இல்லை, செல்லாக்காசு. ஒன்று என்றால் ஒரு தரப்பின் விருப்பம். 19ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: வற்புறுத்தலாலோ மோசடியாலோ சம்மதம் பெறப்பட்டிருந்தால், அப்படிச் சம்மதித்த அந்த ஒருவரின் விருப்பப்படி செல்லாததாக்கலாம் என்றுதான் இருக்கிறது. `V1` என்ற குறியில் அந்த 'ஒருவர்' இருக்கிறார்.

மோகரி பீபி வழக்கில் இது பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. வட்டிக்காரர் தரப்பு, 64ஆம் பிரிவின்படி இளவர் பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று வாதாடியது. 64ஆம் பிரிவு, செல்லாததாக்கத்தக்க ஒப்பந்தத்தை ஒருவர் ரத்து செய்யும்போது பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. இளவரின் உடன்பாடு தொடக்கத்திலிருந்தே செல்லாதது, ஆகவே அந்தப் பிரிவு இங்கே பொருந்தாது என்றது பிரிவி கவுன்சில். குறிப்பில் அது இப்படி வர வேண்டும்:

```
minor agt = V0
s64 CA → V1 மட்டும்  ∴ s64 CA ✗
```

இரண்டு இடத்திலும் `vd` என்று எழுதியிருந்தால், செல்லாததைப் பற்றிய பிரிவு செல்லாத உடன்பாட்டுக்குப் பொருந்தாது என்று நோட்டு சொல்லும். அதற்குப் பொருளே இல்லை. படிக்கும்போது தலை சுற்றும், நாம் பாடமே புரியவில்லை என்று நினைத்துக்கொள்வோம். பாடம் புரிந்திருந்தது, சுருக்கம்தான் மோதியது.

இதே வழக்கில் இன்னொன்று. `K` என்பதை ஒப்பந்தத்துக்கும், `agt` என்பதை உடன்பாட்டுக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தால் நிறைவேற்றத்தக்க உடன்பாடுதான் ஒப்பந்தம் என்று இரண்டாம் பிரிவு சொல்கிறது. எழுத எளிது என்பதற்காக `minor K` என்று எழுதினால் குறிப்பிலேயே சட்டப்பிழை வந்துவிடும். இளவர் செய்தது உடன்பாடு மட்டும்தான், அது ஒப்பந்தமாக ஆகவே இல்லை.

அறிகுறி: யார் யாரை எதிர்த்தார் என்பது பாதி வழியில் மாறிவிடுகிறது

இந்தப் பிழையால் நான் முதலாண்டு உள்தேர்வில் ஒரு கேள்வியையே இழந்தேன். மோகரி பீபியின் பெயர் முதலில் வருவதால் அவர்தான் வாதி என்று எடுத்துக்கொண்டு `P` என்று எழுதியிருந்தேன். அவர் தோற்றார் என்பதும் குறிப்பில் இருந்தது. விளைவு, இளவரிடமிருந்து பணம் கேட்டு வட்டிக்காரர் வழக்குப் போட்டு அதில் தோற்றார் என்று விடையில் எழுதிவிட்டேன். உண்மையில் வழக்குப் போட்டவர் இளவர்.

மேல்முறையீட்டில் பெயர் வரிசை திரும்பிக்கொள்கிறது. கீழ் நீதிமன்றத்தில் தோற்ற பிரதிவாதி மேலே போகும்போது மேல்முறையீட்டாளர் ஆகிறார், அவர் பெயர் முன்னால் வருகிறது. பாடம் நடத்துபவரும் ஒரு வாக்கியத்தில் வாதி என்பார், அடுத்ததில் எதிர்மனுதாரர் என்பார். இரண்டும் ஒரே ஆள். இவற்றைத் தமிழாக்கி நினைவில் வைத்துக்கொண்டு பின்தொடர்வது யாராலும் முடியாது.

`P`, `D`, `App`, `Resp` நான்கும் நடைமுறையில் தேவைதான். ஆனால் வழக்குக் கதையை எழுதும்போது அவற்றைத் தொடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் அவர் யார் என்பதை வைத்து ஓர் எழுத்து கொடுங்கள். இந்த வழக்கில் இளவர் `M`, கடன் கொடுத்தவர் `L`. நீதிமன்றம் மாறினாலும் இளவர் இளவர்தான். வீட்டுவாடகை வழக்கில் உரிமையாளரும் குடியிருப்பவரும், வேலை வழக்கில் முதலாளியும் தொழிலாளியும் என்று வைத்துக்கொண்டால் எழுத்து தானாக வந்துவிடும். வழக்கு எந்தப் படியில் இருக்கிறது என்பதைத் தனியாக ஒரு வரியில் போடுங்கள்:

```
M=minor  L=lender
suit: M → L (cancel mtg)   M ✓
PC 1903: L's side → M      dismissed
```

அம்பு, யார் யார்மேல் போனார் என்பதைக் காட்டுகிறது. `✓` வென்றவரைக் காட்டுகிறது. `mtg` அடமானம். இந்த மூன்று வரிக்குப் பத்து வினாடிகள் ஆகும். அதற்குப் பிறகு அந்த வழக்கு முழுவதும் `M`, `L` என்ற இரண்டு எழுத்துகளிலேயே ஓடும். கதையைத் தமிழிலேயே மனத்தில் ஓட்டலாம். தாளில் விழுவது எழுத்துகள் மட்டும்.

அறிகுறி: நோட்டும் சட்டப் புத்தகமும் நேர் எதிராகச் சொல்கின்றன

தீர்ப்பை எடுத்து வைத்து ஒப்பிட்டால் பொருந்தும் என்று நீதிமன்றம் சொன்னதாக நோட்டில் இருக்கும், பொருந்தாது என்று தீர்ப்பில் இருக்கும். அப்படியென்றால் எதிர்மறை விழுந்துவிட்டது.

தமிழில் இல்லை, மாட்டாது, பொருந்தாது என்று எதிர்மறை வினையோடு கலந்து கடைசியில் அழுத்தமாக வரும், தவறவிட முடியாது. ஆங்கிலத்தில் 'நாட்' என்ற சிறு சொல் துணைவினையோடு ஒட்டிக்கொண்டு மெலிந்து ஒலிக்கும். வேகமாகப் பேசுபவர் வாயில் அது அரைபட்டுவிடும். போதாக்குறைக்கு, 'ஒருவரும்' என்ற இடத்திலேயே எதிர்மறையை வைத்துத் தொடங்கும் வாக்கியங்களும் உண்டு. அவற்றில் வினை எதிர்மறை இல்லாமலே இருக்கும்.

எதிர்மறைக்கு எழுத்தே வேண்டாம், `✗` போதும். அதைச் சொல்லைவிடப் பெரிதாகப் போடுங்கள். கேட்ட அந்த நொடியிலேயே, மற்றதெல்லாம் பின்னால் போனாலும் பரவாயில்லை, முதலில் `✗` விழ வேண்டும். ஐயமாக இருந்தால் `✗கே` என்று போட்டுவிட்டுத் தொடருங்கள். வகுப்பு முடிந்ததும் கேட்டுக்கொள்ளலாம்.

மோகரி பீபி வழக்கில் முரண்தடை பற்றிய பகுதி இதற்கு நல்ல சோதனை. இளவர் தன்னை வயது வந்தவர் என்று சொல்லிக்கொண்டார், ஆகவே இப்போது மாற்றிப் பேசக் கூடாது என்று வட்டிக்காரர் தரப்பு வாதாடியது. உண்மை தெரிந்தே இருந்தவர் ஏமாறவில்லை, ஆகவே அந்தத் தடை இங்கே வராது என்பது தீர்ப்பு. வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒரே மூச்சில் எதிர்மறை இரண்டு மூன்று முறை வரும். முழு வாக்கியத்தைத் துரத்தினால் ஒன்று கட்டாயம் விழும். இப்படி எழுதினால் விழாது:

```
estop ✗  ஏ: L knew M=minor (thru atty)
```

முடிவு முதலில், காரணம் `ஏ`வுக்குப் பின்னால். "ஏமாறவில்லை" என்ற இரண்டாவது எதிர்மறையை `knew` என்று எதிர்மறை இல்லாத வினையாகத் திருப்பியிருக்கிறேன் என்பதைக் கவனியுங்கள். ஒரு வரியில் ஒரே ஒரு `✗` இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டு வந்தால் படிக்கும்போது குழப்பும்.

அறிகுறி: பிரிவு எண் சரி, சட்டம் தெரியவில்லை

`s144` என்று மட்டும் நோட்டில் இருந்தால் அது இன்று பயன்படாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144 என்றால் கூட்டம் கூடத் தடை விதிக்கும் உத்தரவு. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த எண். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அந்த அதிகாரம் 163ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. அங்கே 144 என்பது மனைவி, மக்கள், பெற்றோருக்கான ஜீவனாம்சம். பழைய சட்டத்தில் அது 125. பாடம் நடத்துபவர்கள் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள், வேறு வழியும் இல்லை, பழைய தீர்ப்புகள் எல்லாம் பழைய எண்ணிலேயே இருக்கின்றன.

எண்ணுக்குப் பின்னால் சட்டத்தின் குறியை ஒட்டாமல் எழுதவே எழுதாதீர்கள். பழையதும் புதியதும் சேர்ந்து வந்தால் சாய்கோட்டுக்கு இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது என்று ஒரே ஒழுங்கில் வையுங்கள்:

```
maint: 125 CrPC / 144 BNSS
```

`u/s`, `r/w` என்ற இரண்டையும் நீதிமன்றத்தில் எல்லாரும் எழுதுகிறார்கள். முன்னது இன்ன பிரிவின் கீழ், பின்னது இன்னதோடு சேர்த்துப் படிக்க. இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். வக்கீல் ஆன பிறகு ஆவணங்களிலும் இவையே இருக்கும்.

அறிகுறி: வழக்கின் பெயரில் பேனா நின்றுவிடுகிறது

வகுப்பில் ஒரு பெயர் சொல்லப்படுகிறது. அதன் எழுத்துக்கூட்டல் தெரியாது. இப்படியா அப்படியா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது வழக்கின் விவரம் முழுக்கப் போய்விடுகிறது. 1932இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த டானஹியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கில் பலரும் இப்படி நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரின் எழுத்துகளுக்கும் ஒலிக்கும் இருக்கும் தூரம் அப்படி.

பெயரைத் தமிழில் எழுதுங்கள். காதில் விழுந்த ஒலியை எழுத்துக்கூட்டலைப் பற்றிய கவலை இல்லாமல் எழுத நம் எழுத்து மிக நல்ல கருவி. அடுத்து ஆண்டை மட்டும் எண்ணில் போட்டால் போதும். ஆண்டும் ஒலியும் இருந்தால் மாலையில் நூலகத்தில் வழக்கைக் கண்டுபிடித்துவிடலாம்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிக்கு நிற்கின்றன. பிரம்மோ தத் என்று எழுதிவைத்தால் ஆங்கிலத்தில் முதல் எழுத்து எது என்று பின்னால் தெரியாது. ஐயமாக இருந்தால் முதல் எழுத்தை மட்டும் ரோமனில் முன்னால் போடுங்கள். தேடுவதற்கு அந்த ஓர் எழுத்தே போதும். விடைத்தாளில் எழுதுவதற்கு முன் முழுப் பெயரையும் அச்சில் பார்த்து ஒரு முறை எழுதிப் பழகிவிடுங்கள்.

அறிகுறி: எழுதிய அன்று புரிந்தது, இப்போது புரியவில்லை

சுருக்கங்கள் அதிகமாகிவிட்டன என்று பொருள், அல்லது அன்றைக்கே நிரப்பவில்லை என்று பொருள். வகுப்பு நடக்கும்போது புதிய சுருக்கம் எதையும் உருவாக்காதீர்கள். ஒரு சொல் அதே வகுப்பில் மூன்றாவது முறை வரும்போது ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். மாலையில் அதற்குக் குறி தேவையா என்று யோசியுங்கள். முதல் பருவத்துக்கு இருபது குறிகளுக்கு மேல் தேவைப்படாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறியும் அதன் முழு ஆங்கிலச் சொல்லும் தமிழ்ப் பொருளும் என்று மூன்று பத்தியில் எழுதிவையுங்கள். தமிழ்ப் பொருள் இருக்க வேண்டிய ஒரே இடம் அந்தப் பக்கம். அங்கே ஒரு முறை மொழிபெயர்த்துவிட்டால் வகுப்பில் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

நிரப்புவதற்குப் பதினைந்து நிமிடங்கள் போதும், ஆனால் அதே நாளில் செய்ய வேண்டும். அம்பும் `✗`ம் இருக்கும் வரிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு முழு ஆங்கில வாக்கியமாக எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். இதற்காகவே வகுப்பில் இடப்பக்கத்தைக் காலியாக விட்டு வலப்பக்கத்தில் மட்டும் எழுதச் சொல்கிறேன். தேர்வில் தேவைப்படுவது அந்த முழு வாக்கியம்தான். விடைத்தாளில் `V0` என்றோ `M` என்றோ ஒருபோதும் எழுதக் கூடாது. அது உங்களுக்கு மட்டும் தெரிந்த மொழி.

ஏற்காட்டிலிருந்து வரும் மாணவிக்கு மாலையில் மேலே போகும் பஸ்தான் படிக்கும் நேரம். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அங்கே எழுதவும் முடியாது, நோட்டைப் பார்த்துப் படித்தால் குமட்டும். அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு, அன்றைய வழக்கை மனத்துக்குள் தமிழில் கதையாகச் சொல்லிப் பார்க்கிறார். அம்மாவுக்குச் சொல்வதுபோல: பையனுக்கு வயது வரவில்லை, வட்டிக்காரருக்கு அது தெரியும், இருந்தும் எழுதி வாங்கிக்கொண்டார். கதை எந்த இடத்தில் தடுக்குகிறதோ, குறிப்பில் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் முதலில் அந்த வரியைத் திறந்து நிரப்புகிறார்.

சென்ற வாரம் அவருக்குத் தடுக்கிய இடம், பணம் திரும்பக் கிடைத்ததா என்பது. நோட்டில் `s65 CA ✗` என்று இருந்தது, காரணம் இல்லை. `ஏ` போட்டு நிறுத்தியிருந்தார், அதற்குப் பின்னால் வெற்றிடம். ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டார். 65ஆம் பிரிவு, ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ள இருவர் செய்த உடன்பாடு பிறகு செல்லாதது என்று தெரியவரும் இடத்துக்கானது, தகுதியே இல்லாத இளவருக்கு அது வராது என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது என்றேன். அவர் அங்கேயே, என் மேசையில் வைத்து, வெற்றிடத்தில் எழுதினார்:

```
s65 CA ✗  ஏ: needs both comp (s11 CA)
```